நடுவில் ஒரு பிடி

சென்ட்ரிங் கடைகளில் வாடகைக்குக் கிடைக்கும் இரும்புக் குழாயை எல்லோரும் பார்த்திருப்போம். வெளிவிட்டம் 48.3 மி.மீ., சுவரின் தடிமன் 3.2 மி.மீ., முழு நீளம் 6 மீட்டர். அதாவது ஏறக்குறைய 20 அடி. இதில் ஓர் அடித் துண்டை வெட்டி, செங்குத்தாக நிறுத்தி, அதன் தலையில் பாரம் ஏற்றினால் சுமார் 11 டன் வரை தாங்கும். அதற்கு மேல் போனால்தான் இரும்பு இளகத் தொடங்கும். அதே குழாயை வெட்டாமல் 6 மீட்டரும் நிமிர்த்தி நிறுத்திப் பாரம் ஏற்றிப் பாருங்கள். 650 கிலோவை எட்டியதுமே நடுப்பகுதி பக்கவாட்டில் வில்லாக வளைந்து, மேலே இருப்பதைக் கீழே தள்ளிவிடும். இரும்பு அதேதான், கனமும் அதேதான். 11 டன் எங்கே, 650 கிலோ எங்கே!

நெட்டையான எந்தத் தூணுக்கும் இதுதான் கதி. அது நசுங்கிச் சாவதில்லை, வளைந்து சாகிறது. பொறியாளர்கள் இதை பக்லிங் என்பார்கள். இதன் கணக்கை லியோனார்டு ஆய்லர் 1744-லேயே எழுதிவிட்டார். P = π²EI/L² என்ற ஒற்றை வரி அது. P என்பது தூண் வளையத் தொடங்கும் பாரம். E என்பது அந்தப் பொருளின் விறைப்பு. I என்பது குறுக்குவெட்டின் வடிவத்தையும் அளவையும் பொறுத்தது. L என்பது நீளம். இந்தச் சூத்திரத்தில் இரும்பின் வலிமைக்கு இடமே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சாதாரண இரும்புக்குப் பதிலாக இருமடங்கு வலிமையுள்ள உயர்தர இரும்பில் அதே அளவுக் குழாய் செய்து நிறுத்தினாலும் 650 கிலோ 650 கிலோதான். ஏனென்றால் எஃகு எந்தத் தரமாக இருந்தாலும் அதன் விறைப்பு கிட்டத்தட்ட ஒன்றே. காசு கொடுத்து நல்ல இரும்பு வாங்கினால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு இது கொஞ்சம் ஏமாற்றம்தான்.

அப்படியானால் என்ன செய்வது? தடித்த குழாய் போடலாம். செலவு கூடும், தூக்கி நிறுத்த ஆளும் கூடும். இன்னொரு வழி மலிவானது. குழாயின் நட்ட நடுவில், 3 மீட்டர் உயரத்தில், அது பக்கவாட்டில் நகராதபடி பிடித்துக்கொள்வது. பாரத்தில் ஒரு கிலோவைக்கூட அந்தப் பிடி சுமக்க வேண்டியதில்லை. பக்கத்தில் நகரவிடாமல் இருந்தால் போதும். 650 கிலோ தாங்கிய குழாய் இப்போது 2,600 கிலோ தாங்கும். சரியாக 4 மடங்கு.

வீட்டில் பிள்ளைகளின் பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்துச் செய்து பார்க்கலாம். 30 செ.மீ. ஸ்கேலை மேசைமேல் நிறுத்தி, உச்சியில் உள்ளங்கையால் அழுத்துங்கள். சற்றே அழுத்தியதும் வளைந்துவிடும். இப்போது இன்னொருவரை ஸ்கேலின் நடுவில் முன்னும் பின்னுமாக ஒவ்வொரு விரலை வைக்கச் சொல்லுங்கள். இறுக்கிப் பிடிக்க வேண்டாம், நகராமல் தடுத்தால் போதும். மறுபடி அழுத்தும்போது கைக்கு வித்தியாசம் தெரியும். விடாமல் அழுத்தினால் ஸ்கேல் கடைசியில் வளையத்தான் செய்யும். ஆனால் இம்முறை வில் வடிவத்தில் அல்ல. மேல்பாதி ஒரு பக்கமும் கீழ்பாதி எதிர்ப்பக்கமுமாக, ஆங்கில S எழுத்தைப் போல நெளியும். விரல் வைத்திருந்தவரைக் கேட்டால், எனக்கு ஒன்றும் பெரிய விசை தெரியவில்லையே என்பார். அவர் சொல்வது உண்மை.

ஏன் இரண்டு மடங்காக இல்லாமல் 4 மடங்காகிறது? தூண் லேசாக வளைந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். அதன் நடுப்பகுதி நேர்க்கோட்டிலிருந்து கொஞ்சம் விலகி நிற்கிறது. மேலிருந்து வரும் பாரத்தை அந்த விலகலால் பெருக்கினால் கிடைப்பதுதான் தூணை மேலும் வளைக்கப் பார்க்கும் சக்தி. தூணோ தன் விறைப்பினால் நிமிரப் பார்க்கிறது. எவ்வளவு கூர்மையாக வளைந்திருக்கிறதோ அவ்வளவு எதிர்க்கிறது. இந்த இரண்டும் சமமாகும் இடம்தான் ஆய்லர் சொன்ன பாரம். இப்போது நடுவில் பிடித்துவிட்டோம். வளையக்கூடிய துண்டின் நீளம் பாதியாகிவிட்டது. அதே கூர்மையுடன் பாதி நீளத் துண்டு ஒன்றை வளைத்தால், அதன் விலகல் பாதியாக இருக்காது, கால்பங்காக இருக்கும். விலகல் நீளத்தின் வர்க்கத்தைத் தொடர்வது வடிவியல். ஆக, எதிர்ப்பு அப்படியே இருக்க, பாரத்துக்குக் கிடைக்கும் நெம்பு கால்பங்காகச் சுருங்கிவிட்டது. பழையபடி வளைக்க 4 மடங்கு பாரம் வேண்டும்.

இதே வழியில் இரண்டு இடத்தில் பிடித்து, 2 மீட்டர் துண்டுகளாக ஆக்கினால் 9 மடங்கு, அதாவது 5.8 டன். ஐந்து இடத்தில் பிடித்து 1 மீட்டராக்கினால் கணக்கு 36 மடங்கு என்று 23 டன்னைக் காட்டும். அங்கே ஆய்லரை நம்பக் கூடாது. 11 டன்னிலேயே இரும்பு இளகிவிடும் என்று முதலில் பார்த்தோம். பிடிகளைக் கூட்டிக்கொண்டே போவதன் பலன் அந்த எல்லையை நெருங்கும்போது கரைந்துபோகிறது. மடங்குக் கணக்கில் முதல் பிடியில் கிடைக்கும் லாபமே இதில் பெரியது.

இதை ஒரு கட்டுமான இடத்தில் வைத்துப் பார்ப்போம். வீட்டு முகப்பில் இரண்டு மாடி உயரத்துக்குத் திறந்த போர்டிகோ, 20 அடி உயரத்தில் 5 அங்குல கான்கிரீட் தளம். முட்டுகள் இரு திசையிலும் மீட்டருக்கு ஒன்று. கான்கிரீட், கம்பி, ஷீட், மேலே நடக்கும் ஆட்கள், ஒரே இடத்தில் கொட்டப்படும் கலவை எல்லாம் சேர்ந்து ஒரு முட்டின் தலையில் 550 கிலோ அளவுக்கு வரும். நடுவில் கட்டாத 6 மீட்டர் குழாயின் எல்லை 650 கிலோ. தாங்குமே என்று தோன்றும். ஆனால் அந்த 650 என்பது கோணலே இல்லாத குழாய், பாரம் சரியாக மையத்தில் விழுகிறது, தரை அமுங்கவில்லை என்றெல்லாம் வைத்துப் போட்ட கணக்கு. பத்து இடத்துக்கு வாடகைக்குப் போய்வந்த குழாயில் நேராக இருப்பது அபூர்வம். கோணல் குழாய் எல்லையை எட்டும் முன்பே வளையத் தொடங்கும். வளைய வளைய விலகல் கூடும். விலகல் கூடக் கூட மேலும் வளையும். நடுவில் ஒழுங்காகக் கட்டிவிட்டாலோ எல்லை 2,600. கோணலுக்கும் கவனக்குறைவுக்கும் அதில் இடம் இருக்கிறது.

ஒழுங்காக என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மூன்று விதமாக இது கெட்டுப்போகும்.

முதலாவது, பிடி இளக்கமாக இருப்பது. பிடிக்கு வலிமையைவிட விறைப்புதான் முக்கியம். எவ்வளவு விறைப்பு வேண்டும் என்பதை அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜார்ஜ் வின்டர் 1958-இல் எளிய முறையில் காட்டினார். பிடி இருக்கும் இடத்தில் தூணில் ஒரு கீல் இருப்பதாகக் கற்பனை செய்துகொண்டு, அந்தக் கீல் நகரப் பார்த்தால் அதை நிறுத்த எவ்வளவு வேண்டும் என்று கேட்டார். நம் குழாய்க்கு அந்த முறையில் கணக்குப் போட்டால், 2,600 கிலோவை முழுதாக எட்ட, பிடி ஒவ்வொரு மில்லிமீட்டர் நகர்வுக்கும் 1.7 கிலோ எதிர்ப்புக் கொடுத்தால் போதும். இது கோணலே இல்லாத குழாய்க்கு. நிஜக் குழாய்க்கு அதை இரட்டிப்பாக வைத்துக்கொள்வது வழக்கம். அதாவது, நடுவில் கை வைத்து 34 கிலோ விசையில் தள்ளினால் ஒரு செ.மீ.க்கு மேல் நகரக் கூடாது. பிடி தாங்க வேண்டிய விசையும் சிறியதுதான். தூணின் பாரத்தில் 2 சதவீதம் என்று வைத்துக்கொள்வது பொறியாளர்களிடையே பழைய கைக்கணக்கு. 2,600 கிலோவுக்கு 52 கிலோ. விரல் வைத்தவருக்கு ஒன்றும் தெரியாமல் போனது இதனால்தான்.

தேவை இவ்வளவு சிறியதாக இருப்பதே ஆபத்தாகவும் ஆகிறது. கயிற்றைச் சுற்றிவிட்டால் போதாதா என்று தோன்றிவிடுகிறது. கயிற்றுக் கட்டு 2 செ.மீ. விளையாடினால், குழாய் அந்த 2 செ.மீ. வளையும் வரை அங்கே பிடி என்று ஒன்று இல்லவே இல்லை. அதற்குப் பிறகு கயிறு இறுகும்போது அது பிடிப்பது ஏற்கெனவே வளைந்த குழாயை. திருகி முடுக்காத கிளாம்பும் அதே ரகம்தான்.

இரண்டாவது, ஒரு திசையில் மட்டும் பிடிப்பது. உருண்டைக் குழாய்க்கு எல்லாத் திசையும் ஒன்று. வடக்கு-தெற்காக நடுவில் ஒரு குழாயைக் கட்டிவிட்டு கிழக்கு-மேற்காகக் கட்டாமல் விட்டால், அது கிழக்கிலோ மேற்கிலோ வளையும், அதே 650 கிலோவில். செலவு பாதி, பலன் பாதி என்று இங்கே கிடையாது. பலன் சுத்தமாகப் பூஜ்யம். I வடிவ உத்தரம் போன்றவற்றில் கதை வேறு. அவற்றுக்கு ஒரு திசை இயல்பாகவே பலமானது, மற்றது பலவீனமானது. பலவீனத் திசையில் மட்டும் நடுவில் பிடித்து இரண்டையும் சமப்படுத்துவது நல்ல வடிவமைப்பு. உருண்டைக் குழாய்க்கும் சவுக்குக் கம்புக்கும் அந்தச் சலுகை இல்லை.

மூன்றாவதுதான் கண்ணை ஏமாற்றுவது. பத்து முட்டுகளை வரிசையாக நிறுத்தி, நடு உயரத்தில் ஒரே குழாயை ஓடவிட்டு எல்லாவற்றோடும் இறுக்கமாகக் கட்டிவிடுகிறார்கள். இந்தப் படுக்கைக் குழாயை ரன்னர் என்பார்கள். பார்க்கப் பலமாக இருக்கும். ஆனால் அந்த ரன்னர் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது? முட்டுகளைத்தான். முட்டுகள் எதைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன? ரன்னரை. பத்தும் ஒரே பக்கமாக, ஒரே நேரத்தில் வளைந்தால் ரன்னரும் கூடவே நகரும். ஒருவரை ஒருவர் தோளில் கைபோட்டுக்கொண்டு தள்ளாடி வரும் குடிகாரர்களைப் போல, பத்துப் பேர் சேர்ந்ததால் ஒருவர்கூட நிதானமாகிவிடுவதில்லை. ரன்னரின் ஒரு முனையாவது அசையாத ஒன்றில் போய் நிற்க வேண்டும். ஏற்கெனவே போட்டு இறுகிய கான்கிரீட் தூணாக இருக்கலாம். இல்லாவிட்டால் ரன்னர் மட்டத்திலிருந்து தரைக்குச் சாய்வாக இறங்கும் குறுக்குக் குழாயாக இருக்கலாம். அப்போதும் ஒரு கணக்கு இருக்கிறது. பத்து முட்டுகளின் தேவையும் அந்த ஒரு சாய்வுக் குழாயில் வந்து கூடும். ஒன்றுக்கு 52 கிலோ என்றால் பத்துக்கு 520. விறைப்பும் அதே மாதிரி பத்து மடங்கு வேண்டும்.

இடத்தில் நடப்பதைப் பார்த்தால், விடுபடுவது பெரும்பாலும் இந்தச் சாய்வுக் குழாய்தான். அதற்கு மேஸ்திரிகள் சொல்லும் காரணத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. “குறுக்கே போட்டா ஆளு எப்படி சார் போய் வர்றது?” என்பார்கள். வழியை விட்டு ஓரத்து வரிசைகளில் போடலாம் என்பதுதான் பதில். ரன்னர் தொடர்ச்சியாக இருந்தால் எல்லா இடைவெளியிலும் சாய்வு தேவையில்லை.

உயரம் பற்றியும் ஒரு வார்த்தை. ரன்னரை நட்ட நடுவில் கட்ட ஏணி வேண்டும், சாரம் வேண்டும். தரையில் நின்றபடி நெஞ்சு உயரத்தில் கட்டிவிடுவது சுலபம். 6 மீட்டரில் 1.5 மீட்டர் உயரத்தில் கட்டினால் என்ன ஆகும்? கணக்குப் போட்டால் 4 மடங்குக்குப் பதில் சுமார் 3 மடங்கு கிடைக்கும். மேலே 4.5 மீட்டர் நீளத் துண்டு கட்டற்று நின்றாலும், கீழே பிடிபட்ட சிறிய துண்டு அதன் அடிப்பகுதியைத் திரும்பவிடாமல் ஓரளவு தடுக்கிறது. நஷ்டம்தான், ஆனால் பெரிய பாவம் இல்லை. ஒரு திசையில் விடுபடுவதையும் சாய்வு இல்லாமல் விடுவதையும் விட இது எவ்வளவோ மேல்.

திசை தவறினால் என்ன ஆகும் என்பதற்கு உலகப் புகழ்பெற்ற உதாரணம் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள ஹார்ட்ஃபோர்டு நகரில் 1975-இல் திறக்கப்பட்ட சிவிக் சென்டர் என்ற உள்விளையாட்டு அரங்கின் கூரை. 300 அடிக்கு 360 அடி பரப்பு, நான்கே தூண்களின்மேல், அரங்கத் தரையிலிருந்து 83 அடி உயரத்தில் நின்றது. இரும்புத் தண்டுகளை முக்கோணங்களாகக் கோத்த பின்னல் அமைப்பு அது. கூரை நடுவில் தொய்யப் பார்க்கும்போது பின்னலின் மேல்தளத் தண்டுகள் அழுத்தப்படும். படுத்துக் கிடந்தாலும் அவையும் தூண்கள்தான், பக்லிங் அவற்றையும் விடாது. ஒவ்வொன்றும் 30 அடி நீளம். நடுவில் குறுக்குத் தண்டுகள் வந்து பிடித்துக்கொள்ளும், ஆகவே 15 அடி என்று எடுத்துக்கொள்ளலாம் என்று வடிவமைப்பில் கணக்கிட்டிருந்தார்கள்.

அரங்கின் ஓரங்களில் அந்தப் பிடி பலிக்கவில்லை. நடுவில் வந்து சேரும் குறுக்குத் தண்டுகளும், அவை பிடிக்க வேண்டிய மேல்தண்டும் அங்கே ஒரே சாய்தளத்தில் அமைந்துவிட்டன. அந்தத் தளத்துக்குள் நெளிவதைத் தடுக்க முடிந்தது. தளத்துக்கு வெளியே நெளிவதைத் தடுக்க எதுவும் இல்லை. காகிதத்தில் 15 அடியாக இருந்த தண்டு நிஜத்தில் 30 அடி. தாங்கும் பாரம் கால்பங்கு. உட்பகுதித் தண்டுகளிலும் இணைப்புகள் வரைபடத்தில் இருந்ததைப் போல அமையாததால் பிடி இளக்கமாகவே இருந்தது.

கூரை தரையில் கோக்கப்பட்டு மேலே தூக்கப்பட்டது. கட்டும்போதே அதன் தொய்வு கணக்கிட்டதைப் போல இரண்டு மடங்கு இருந்தது அளவெடுத்துப் பார்த்தபோது தெரிந்தது. பொறியாளர்களிடம் சொன்னார்கள். கணக்குக்கும் நிஜத்துக்கும் கொஞ்சம் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும் என்று விட்டுவிட்டார்கள். தொய்வு இரண்டு மடங்கு என்றால் அமைப்பின் விறைப்பு நினைத்ததில் பாதி என்று அர்த்தம். பக்லிங் என்பதே விறைப்பின் கணக்கு என்பதை நினைத்தால், இதைவிடத் தெளிவாக ஒரு கட்டடம் எச்சரிக்க முடியாது.

1978 ஜனவரி 17 மாலை அங்கே ஒரு கூடைப்பந்து ஆட்டம் நடந்தது. சுமார் 5,000 பேர் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். இரவில் பனி கொட்டியது. 18-ஆம் தேதி அதிகாலை 4 மணி கடந்து சற்று நேரத்தில் கூரை முழுவதும் காலி இருக்கைகள்மேல் விழுந்தது. ஒருவரும் சாகவில்லை. நகரம் நியமித்த விசாரணை, மேல்தண்டுகளின் போதாத பிடிதான் காரணம் என்றது. வேறு நிபுணர்கள் தண்டுகள் முறுக்கி நெளிந்ததையும், ஒரு வெல்டிங் விட்டதையும் காரணமாகச் சொன்னார்கள். முதலில் எது போனது என்பதில் அந்தக் கருத்து வேறுபாடு இருக்கலாம். நடுப்பிடி இருந்ததாகக் கணக்கில் வந்த இடத்தில் அது இல்லை என்பதில் சந்தேகம் இல்லை.

மறுபடி நம் போர்டிகோவுக்கு வருவோம். தளம் போடும் நாளுக்கு முந்தின மாலை, வீட்டுக்காரரே கீழே நின்று இதைப் பார்த்துவிடலாம். முட்டின் நடு உயரத்தில் இரு திசையிலும் ரன்னர் இருக்கிறதா, அந்த ரன்னரின் முனை கான்கிரீட் தூணிலோ தரைக்கு இறங்கும் சாய்விலோ போய் முடிகிறதா, கிளாம்புகள் முடுக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு ஏதாவது ஒரு முட்டை, எட்டும் உயரத்தில், இரு கைகளாலும் உடம்பை ஊன்றித் தள்ளுங்கள். ஒரு திசையில் தள்ளிய பிறகு மற்றத் திசையிலும். இது முழுமையான சோதனை அல்ல, ஆனாலும் நிறையச் சொல்லும். அந்த ஒரு முட்டு மட்டும் ஆடினால் கட்டு இளக்கம். வரிசையே சேர்ந்து ஆடினால் சாய்வுக் குழாய் இல்லை. எதுவாக இருந்தாலும் அதைச் சரிசெய்த பிறகே கலவை மெஷினை ஓடவிடச் சொல்லுங்கள். கலவை மேலே ஏறத் தொடங்கிய பின் வளைய ஆரம்பித்த முட்டை யாரும் கீழே போய் நிமிர்த்தப் பார்க்கக் கூடாது. அந்த இடத்தைவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும்.